வல்லெழுத்து எங்கே மிகும், எங்கே மிகாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெற்றோரும், அறிவிப்பு எழுதும் கோயில் செயலவையினரும், தமிழ்ப்பள்ளி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லா விதிகளும் இங்கே இல்லை. அன்றாடம் எழுதும்போது கை தடுமாறும் இடங்கள் மட்டும் இருக்கின்றன.

பிள்ளையின் பயிற்சியில் "வலிமிகும் இடங்கள்" என்று வருகிறது. அப்படியென்றால் என்ன?

இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும்போது, இரண்டாவது சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால், அதே எழுத்தின் மெய் நடுவே கூடுதலாகத் தோன்றும். அந்த + கடை = அந்தக் கடை. அந்த + சட்டை = அந்தச் சட்டை. அந்த + தோட்டம் = அந்தத் தோட்டம். அந்த + பள்ளி = அந்தப் பள்ளி.

வல்லினம் ஆறு என்றாலும் ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. அதனால் நான்கு எழுத்துகளைக் கவனித்தால் போதும். அடுத்த சொல் வீடு, மரம், நாள், ரொட்டி என்று தொடங்கினால் யோசிக்கவே வேண்டாம்: அந்த வீடு, அந்த ரொட்டி.

முதலில் இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். அது இந்த நான்கில் ஒன்று என்றால், பிறகு முதல் சொல் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பலர் முதல் சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். பிழைகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஒற்று போடாவிட்டால் என்ன கெட்டுப்போகிறது? படித்தால் புரிகிறதே!

பல இடங்களில் புரியத்தான் செய்யும். "பள்ளிக்கு போனான்" என்பதை யாரும் தவறாக விளங்கிக்கொள்ளப் போவதில்லை. அது வெறும் எழுத்துப்பிழை, தேர்வில் புள்ளி குறையும், அவ்வளவுதான்.

ஆனால் சில இடங்களில் ஒற்றுதான் பொருளைக் காட்டுகிறது. "செம்பனை காய்த்தது" என்றால் மரம் காய்விட்டது என்ற செய்தி. செம்பனை இங்கே எழுவாய், அதனால் ஒற்று இல்லை. "செம்பனைக் காய்" என்றால் அது ஒரு பொருளின் பெயர். "பாம்பு கடித்தது" என்பது நடந்த நிகழ்ச்சி, "பாம்புக் கடி" என்பது மருத்துவமனையில் சொல்லும் காயத்தின் பெயர். "வாழை பழுத்துவிட்டது", "வாழைப் பழம்" என்ற இணையும் இப்படித்தான். முதல் சொல்லும் அடுத்ததும் சேர்ந்து ஒரே பெயராகிவிட்டனவா, எழுவாயும் வினையுமாகத் தனித்தனியே நிற்கின்றனவா என்பதை அந்த ஒற்றைப் புள்ளி சொல்லிவிடும்.

எழுவாய்க்குப் பின் வினை வந்தால் வலி மிகாது என்பதை இதோடு சேர்த்தே மனத்தில் வையுங்கள்: தம்பி படிக்கிறான், கடை திறந்தது, மழை பெய்தது.

ஐ, கு வந்தால் ஒற்று வரும் என்று சொன்னார்கள். அப்படியானால் "மழைப் பெய்தது" ஏன் தவறு?

மழை என்பதில் உள்ள ஐ அந்தச் சொல்லின் சொந்த எழுத்து. விதி பேசுவது வேற்றுமை உருபாக ஒட்டிய ஐயைப் பற்றி. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. கடைசி ஐயை எடுத்துவிட்டுப் பாருங்கள். "மரத்தைச் சீவினார்" என்பதில் எடுத்தால் மரம் என்ற பெயர் கிடைக்கிறது, ஆகவே அது உருபு, ஒற்று வரும். "மழை"யில் எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அது உருபு இல்லை. "மழையைப் பார்த்தான்" என்று எழுதும்போது மழைக்கு மேல் இன்னோர் ஐ ஒட்டியிருக்கிறது, அங்கே ஒற்று வந்துவிடும்.

கு உருபுக்கும் அப்படியே: ஆலைக்குப் போனது, எனக்குத் தெரியும், அம்மாவுக்குச் சொன்னேன், பிள்ளைக்குக் கொடு. இந்த இரண்டு உருபுகளையும் சரியாகக் கையாண்டாலே ஒரு கட்டுரையில் விழும் ஒற்றுப்பிழைகள் வெகுவாகக் குறைந்துவிடும்.

மற்ற உருபுகளுக்கு இந்தப் பழக்கத்தை நீட்டிவிடாதீர்கள். தம்பியோடு போனான், தங்கையுடன் பேசினாள், ஈப்போவிலிருந்து புறப்பட்டார், என்னுடைய சட்டை, எனது பை. இவை எதிலும் மிகாது.

"கதையைச் சொன்னார்" சரி. "கதை சொன்னார்" என்றாலும் அதே பொருள்தானே, அங்கே ஏன் ஒற்று இல்லை?

பொருள் ஒன்றுதான். ஆனால் ஐ மறைந்துவிட்டது, அதோடு ஒற்றும் போய்விடுகிறது. இதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பார்கள். பூவைப் பறித்தாள், பூ பறித்தாள். வேலையைத் தேடினான், வேலை தேடினான். நன்கொடையைத் தந்தார், நன்கொடை தந்தார்.

பின்னால் வருவது வினை என்றால்தான் இது. பின்னால் பெயர் வந்தால் கதை வேறு: கதைப் புத்தகம், பூக்கடை, வேலைத்தளம்.

"வந்துக்கொண்டிருக்கிறேன்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சரியா?

தவறு. "வந்துகொண்டிருக்கிறேன்" என்பதே சரி. புலனத்தில் நாள்தோறும் கண்ணில் படும் பிழை இதுதான். பார்த்துக்கொண்டு, எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டு என்றெல்லாம் எழுதிப் பழகிய கை, வந்து என்பதற்குப் பின்னும் க் போட்டுவிடுகிறது.

உகரத்தில் முடியும் வினையெச்சங்களில், கடைசி து, டு, று எழுத்துக்கு முன்னால் நிற்பது என்ன என்று பார்க்க வேண்டும். அங்கே வல்லின மெய் இருந்தால் மிகும்: எடுத்துக் கொடு, பார்த்துச் சொல், கேட்டுப் பார், போட்டுத் தா, விற்றுத் தீர்ந்தது. அங்கே மெல்லின மெய்யோ ய் போன்ற இடையின மெய்யோ உயிர்மெய்யோ இருந்தால் மிகாது: வந்து போனான், கொண்டு போ, நின்று பேசினார், செய்து தந்தாள், அழுது தீர்த்தான். ஆகவே செய்துகொண்டு, நடந்துகொண்டு, என்று கூறினான் என்பவற்றிலும் ஒற்று இல்லை.

மற்ற வினையெச்சங்கள் இவ்வளவு சிக்கலில்லை. இகரத்தில் முடிந்தால் மிகும்: தேடிப் பார்த்தான், எழுதிக் கொடுத்தாள். அகரத்தில் முடிந்தால் மிகும்: சாப்பிடப் போனார், வரச் சொன்னார். ஆக, ஆய், போய், என ஆகியவற்றின் பின்னும் மிகும்: சிறப்பாகச் செய்தார், போய்ப் பார், வருவேன் எனச் சொன்னார். "என்று சொன்னார்", "எனச் சொன்னார்" இரண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள், வேறுபாடு மனத்தில் பதிந்துவிடும்.

"அந்தப் பையன்" என்கிறோம், "வந்த பையன்" என்கிறோம். இரண்டும் "ந்த" என்றுதானே முடிகின்றன?

கடைசி எழுத்து ஒன்று, வேலை வேறு. அந்த, இந்த, எந்த ஆகியவை சுட்டும் வினாவும். இவற்றின் பின் வல்லினம் மிகும். வந்த என்பது வினையிலிருந்து பிறந்த பெயரெச்சம். பெயரெச்சத்தின் பின் மிகாது: வந்த பையன், படித்த பெண், சொன்ன கதை, ஓடுகின்ற தண்ணீர். நல்ல, பெரிய, சிறிய, பழைய, புதிய ஆகியவையும் இந்தப் பக்கம்தான்: நல்ல காலம், பெரிய கடை, பழைய தோட்டம். "பெரியக் கடை" என்று விளம்பரத் துணிகளில் காண்பது மிகைத் திருத்தம். ஒற்று போட்டால் தமிழ் கூடுதலாகச் சரியாகிவிடும் என்ற எண்ணத்தில் வருவது.

இதிலும் ஓர் இடறல் உண்டு. "தீராத கடன்" என்பதில் கடைசி எழுத்தை வெட்டி "தீரா" என்று நிறுத்தினால் அங்கே மிகும்: தீராக் கடன், வாடாப் பூ, ஓயாத் தொல்லை. முழுவடிவம் வந்தால் இல்லை, வெட்டுப்பட்ட வடிவம் வந்தால் உண்டு.

அப்படி, இப்படி, எப்படி என்பனவும் சுட்டு, வினாக்களே: அப்படிச் செய், எப்படிப் போவாய். ஆனால் வினையோடு ஒட்டிய படியில் மிகாது: சொன்னபடி செய்தான், வரும்படி கூறினார். அது, இது, எது ஆகியவற்றின் பின்னும் மிகாது: அது கடை, இது சரி, எது பெரியது.

பெயர்ப்பலகைகளில் ஒன்றில் ஒற்று இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. "தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி" சரியா? "பாலர்ப் பள்ளி" சரியா?

முதலாவது சரி. வகை + தமிழ், தமிழ் + பள்ளி என்று இரண்டு சந்திகள் அதில் இருக்கின்றன, இரண்டிலும் மிகும். "தேசிய வகை தமிழ்பள்ளி" என்று எழுதினால் இரண்டு பிழைகள். தேசிய என்பதன் பின் வ வருவதால் அங்கே கேள்வியே இல்லை.

இரண்டு பெயர்கள் சேர்ந்து ஒரு பொருளைக் குறிக்கும்போது பொதுவாக மிகும்: மளிகைக் கடை, தேநீர்க் கடை, இரவுச் சந்தை, மல்லிகைப் பூ, தைப்பூசம், தேர்த் திருவிழா, நாய்க்குட்டி. மகரத்தில் முடியும் சொல் என்றால் ம் விழுந்து அந்த இடத்தில் ஒற்று வரும்: பால்மரம் + காடு = பால்மரக்காடு, தங்கம் + சங்கிலி = தங்கச் சங்கிலி.

"பாலர் பள்ளி"யில் மிகாது, ஏனென்றால் பாலர் என்பது மனிதரைக் குறிக்கும் உயர்திணைப் பெயர். தொழிலாளர் சங்கம், மாணவர் தலைவர், பெற்றோர் கூட்டம், தம்பி கடை எல்லாம் இப்படியே. தேர், பாலர் இரண்டும் ரகர ஒற்றில் முடிந்தாலும் ஒன்றில் வந்து மற்றதில் வராததற்குக் காரணம் திணைதான்.

இன்னும் இரண்டு விலக்குகள் உண்டு. நடுவில் "உம்" மறைந்திருந்தால் மிகாது: வெற்றிலை பாக்கு, தாய் தந்தை, காய் கனி. முதற்பகுதி வினையடியாக இருந்தாலும் மிகாது: ஊறுகாய், சுடுசோறு. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் விரிக்க முடிந்தால் அது வினைத்தொகை. ஊறுகாயில் யாரும் க் போடுவதில்லை, பழக்கம் காப்பாற்றிவிடுகிறது.

பால்குடமா, பாற்குடமா, பால்க்குடமா?

மூன்றாவது மட்டும் வேண்டாம். பழைய புணர்ச்சி விதிப்படி ல் இங்கே ற் ஆகும்: பாற்குடம். அன்றாட வழக்கில் பால்குடம் என்றே எழுதுகிறோம், அதை யாரும் பிழை என்பதில்லை. ஆனால் ல், ள் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றின் பின் இன்னொரு வல்லின மெய்யைச் சேர்ப்பது எந்த விதியிலும் கிடையாது. ர், ய், ழ் ஆகியவற்றின் பின்தான் அப்படிச் சேரும்: தண்ணீர்ப் பானை, நாய்க் குட்டி, தமிழ்ப் பாடம்.

எண்களுக்குப் பின்னால் எப்படி எழுதுவது?

எட்டு, பத்து இரண்டுக்கும் பின் மிகும்: எட்டுப் பிள்ளைகள், பத்துப் பேர். ஒன்று முதல் ஒன்பது வரை மற்றவற்றின் பின் மிகாது: ஒரு கடை, இரண்டு பேர், ஐந்து பிள்ளைகள், ஏழு கடைகள். அரை, பாதி வந்தால் மிகும்: அரைப் பங்கு, பாதிச் சம்பளம். பல, சில, எத்தனை, அவ்வளவு என்பவற்றின் பின் மிகாது: பல பேர், எத்தனை கடைகள்.

எண்ணை இலக்கமாக எழுதினால் ஒற்று தேவையில்லை. "10ப் பேர்" என்று எழுதிக் கண்ணை உறுத்த வேண்டாம்.

பஸ், டாக்சி, ஊர்ப்பெயர்கள் வந்தால்?

டாக்சி, ஜாலான், ஸ்டேஷன், ஹோட்டல் முதலிய சொற்கள் அந்த நான்கு எழுத்துகளில் தொடங்கவில்லை. ஆகவே எந்த டாக்சி, அந்த ஜாலான் என்று அப்படியே விடலாம்.

பஸ் என்பதில்தான் சங்கடம். எழுத்தில் ப இருந்தாலும் ஒலி மெல்லியது. "அந்தப் பஸ்" என்று எழுதினால் வாசிப்பவர் அழுத்தி வாசிக்க நேரும். அதனால் சிலர் விட்டுவிடுகிறார்கள். பள்ளிக் கட்டுரை என்றால் "அந்தப் பேருந்து" என்று எழுதிவிடுவதே நல்லது, சண்டை முடிந்தது.

மலாய் ஊர்ப்பெயர்களோடு வேற்றுமை உருபு சேர்ந்தால் தமிழ் விதியே நடக்கும்: ஈப்போவுக்குப் போனார், தைப்பிங்கைத் தாண்டி, கம்பாருக்குச் சென்றார். ஆனால் ஊர்ப்பெயரின் உள்ளேயே கை வைக்க வேண்டாம். சுங்கை சிப்புட் என்பது முழுதும் மலாய்ப் பெயர். "சுங்கைச் சிப்புட்" என்று தமிழ்ப் புணர்ச்சியை அதற்குள் நுழைக்க வேண்டியதில்லை.

விதி நினைவில் இல்லை. அவசரத்துக்கு ஏதாவது வழி?

வாயால் சொல்லிப் பாருங்கள், அதுவும் வீட்டில் பேசுகிற பேச்சில். "அவனப் பாத்தேன்", "கடைக்குப் போனேன்", "எனக்குத் தெரியும்". சொல்லும்போதே உதடோ நாக்கோ ஒரு நொடி அழுந்தி நிற்கும், அந்த அழுத்தம்தான் ஒற்று. "வந்து போனான்", "நல்ல பையன்" என்னும்போது அப்படி நிற்பதில்லை.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் உதவாது. நாம் பேச்சில் சொல்லாத ஏட்டுச் சொற்களில் காது பதில் சொல்லாது. "அங்குச் சென்றார்" என்பது பாடநூல் விதிப்படி சரி. பேச்சில் "அங்க போனாரு" என்று சொல்லிவிடுவதால் காது இங்கே கைவிட்டுவிடும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்தாலும் சோதனை பலிக்காது. இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

கோயில் அறிவிப்பு ஒன்றைத் திருத்திக் காட்ட முடியுமா?

இப்படி ஒரு வரைவு வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

"தேர் திருவிழாவை சிறப்பாக கொண்டாட எல்லாரும் வந்து சேரும்படி கேட்டு கொள்கிறோம். காலை 8 மணிக்கு பால்குடம் புறப்படும். மதியம் பெரிய கூடாரத்தில் அன்னதானம் வழங்கப்படும். பிள்ளைகளை கூட்டி வருபவர்கள் தண்ணீர் புட்டி கொண்டு வரவும். நன்கொடை தர விரும்புவோர் தலைவரை பார்க்கவும்."

தேர் அஃறிணைப் பெயர், திருவிழாவோடு சேர்ந்து ஒரே பெயராகிறது: தேர்த் திருவிழா. திருவிழாவை என்பதில் ஐ உருபு: திருவிழாவைச் சிறப்பாக. அடுத்து ஆக: சிறப்பாகக் கொண்டாட. "வந்து சேரும்படி" என்பதில் து-வுக்கு முன் ந் இருப்பதால் ஒன்றும் இல்லை. சேரும்படி என்பது வினையோடு ஒட்டிய படி, அங்கும் இல்லை. கேட்டு என்பதில் டு-வுக்கு முன் ட் இருக்கிறது: கேட்டுக்கொள்கிறோம்.

மணிக்கு என்பதில் கு உருபு: மணிக்குப் பால்குடம். பெரிய கூடாரம் அப்படியே இருக்கட்டும். பிள்ளைகளைக் கூட்டி, தலைவரைப் பார்க்கவும் இரண்டிலும் ஐ உருபு. தண்ணீர்ப் புட்டி இரண்டு அஃறிணைப் பெயர்கள் சேர்ந்தது. "புட்டி கொண்டு", "நன்கொடை தர" இரண்டிலும் ஐ மறைந்திருக்கிறது, ஆகவே மிகாது. "விரும்புவோர் தலைவரை" என்பதில் விரும்புவோர் எழுவாய், உயர்திணையும்கூட.

திருத்திய வடிவம்:

"தேர்த் திருவிழாவைச் சிறப்பாகக் கொண்டாட எல்லாரும் வந்து சேரும்படி கேட்டுக்கொள்கிறோம். காலை 8 மணிக்குப் பால்குடம் புறப்படும். மதியம் பெரிய கூடாரத்தில் அன்னதானம் வழங்கப்படும். பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் தண்ணீர்ப் புட்டி கொண்டு வரவும். நன்கொடை தர விரும்புவோர் தலைவரைப் பார்க்கவும்."

எட்டு ஒற்றுகள் கூடின. அவற்றில் நான்கு ஐ, கு உருபுகளால் வந்தவை.

அறிவிப்பின் அடியில் "வாழ்த்துக்கள்" என்று போடலாமா? "வாழ்கத் தமிழ்" என்று எழுதலாமா?

"வாழ்க தமிழ்" என்றே எழுதுங்கள். வாழ்க, வளர்க, வருக என்னும் வியங்கோள் வினைகளின் பின் மிகாது. வாழ்த்துகள், வாழ்த்துக்கள் இரண்டும் அச்சில் வருகின்றன. கள் என்பது விகுதி, தனிச் சொல் இல்லை என்பதால் ஒற்றில்லாத "வாழ்த்துகள்" என்ற வடிவத்தையே பலர் பரிந்துரைக்கிறார்கள். எதை எழுதினாலும் ஒரே அறிவிப்பில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஒற்றை எந்தச் சொல்லோடு சேர்ப்பது? நடுவில் காற்புள்ளி வந்தால்?

முதல் சொல்லின் கடைசியில். "தமிழ்ப் பள்ளி" என்றும் எழுதலாம், சேர்த்துத் "தமிழ்ப்பள்ளி" என்றும் எழுதலாம். "தமிழ் ப்பள்ளி" என்று புள்ளி வைத்த எழுத்தில் ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. பதாகை அச்சடிக்கும்போது வரி மடிகிற இடத்தில் இதைக் கவனியுங்கள்: ஒற்று முதல் வரியிலேயே நிற்க வேண்டும்.

காற்புள்ளி வந்தால் அங்கே மூச்சு நிற்கிறது, சொற்கள் புணர்வதில்லை. ஆகவே ஒற்றும் இல்லை: "தோட்டத்துக்கு, பள்ளிக்கு, கடைக்குப் போகிறவர்கள்". கடைசியில் உள்ள "கடைக்கு" மட்டும் அடுத்த சொல்லோடு நேரே சேர்வதால் ஒற்றுப் பெறுகிறது.